அக்குள் கருமையும் அடையாளம் இல்லாத களிம்பும்

மார்க்கத்தைக் கற்பதற்கு அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பாராட்டியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். கடமையான குளிப்பைக் குறித்து உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரடியாகக் கேட்டார்கள். நம் வீடுகளிலோ அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஏற்படும் கருமையைப் பற்றித் தாயிடம் பேசுவதற்கு மகள் தயங்குகிறாள். மருத்துவரிடம் காட்டுவதற்கு மகன் கூசுகிறான். எனவே கேள்வி மருந்துக்கடைக்குச் செல்கிறது, அல்லது சபரிலிருந்து திரும்பும் உறவினரின் பெட்டியிலுள்ள பெயர் தெரியாத களிம்புக் குப்பிக்குச் செல்கிறது. அறந்தாங்கியிலும் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் அத்தகைய குப்பிகள் இல்லாத தெரு அரிது.

அந்தக் குப்பி என்ன செய்யக்கூடும் என்பதற்கான சான்று நமக்குத் தொலைவில் இல்லை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல்லில், ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரைக் கவனித்துப் பதிவு செய்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதடைந்து, இரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகும் நோய் அது. அவர்களில் 15 பேரிடம், இந்நோயில் பொதுவாகக் குறைவாகவே காணப்படும் ஒரு தனி வகை தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தொடங்கும் முன்னர் சிவப்பழகுக் களிம்பு பூசி வந்ததாக ஒப்புக்கொண்டார்கள். களிம்புகளைப் பரிசோதித்தபோது அவற்றில் பாதரசம் இருந்தது. களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினார்கள் என்பது அந்த ஆய்வறிக்கையில் நமக்கு ஆறுதல் தரும் செய்தி.

மலப்புறத்துக்கும் நமது கடற்கரை ஊர்களுக்கும் உள்ள ஒற்றுமையை விளக்க வேண்டியதில்லை. அங்கும் வளைகுடா வருமானம், அங்கும் வெளிநாட்டுப் பெட்டி, அங்கும் நிக்காஹ்வுக்கு முன் நிறத்தைப் பற்றிய கவலை. அக்களிம்புகள் பெரும்பாலும் முகத்துக்கென விற்கப்படுபவை. ஆனால் முகத்துக்கு வாங்கியதை யாருக்கும் தெரியாமல் அக்குளிலும் தொடையிலும் பூசுவதே வழக்கமாக இருக்கிறது. அந்த இடங்களின் தோல் மெல்லியது. எப்போதும் மடிந்து, மூடி, ஈரமாக இருப்பது. முன்கைத் தோல் ஒரு மடங்கு மருந்தை உறிஞ்சினால், அக்குள் ஏறக்குறைய மூன்றரை மடங்கு உறிஞ்சும் என்று 1967ஆம் ஆண்டே ஹைட்ரோகார்ட்டிசோனைக் கொண்டு அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே கையில் பூசிப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்பது அக்குளுக்கும் சேர்த்துச் சொன்ன உறுதி ஆகாது.

கருமை என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது ஒரே பொருளைக் குறிக்கவில்லை. இதனைப் பிரித்து அறியாமல் வாங்கும் எந்தக் களிம்பும் வீண் என்பதே நமது கருத்து. முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ள வேண்டும். நம்மைப் போன்ற மாநிற, கருநிற உடல்களில் மடிப்பான இடங்கள் சுற்றியுள்ள தோலைவிட ஓரளவு கருமையாக இருப்பது இயல்பு. அது நோயும் இல்லை, அசுத்தமும் இல்லை. விளம்பரத்தில் காணும் அக்குள் ஒளியாலும் கணினியாலும் வெளுக்கப்பட்டது. நமது இலக்கு, புதிதாகச் சேர்ந்த கருமையைக் குறைத்துப் பழைய இயல்பு நிறத்துக்குக் கொண்டுவருவதே. கையின் உட்புற நிறத்தைத் தாண்டி வெளுக்க வைப்பதாக ஒருவர் உறுதி கூறினால், அவர் கையில் இருப்பது பாதரசமோ ஸ்டீராய்டோ என்று ஐயம் கொள்வது நியாயம்.

புதிதாகச் சேரும் கருமைக்குப் பெரும்பாலும் காரணம் அழற்சி. தோல் ஏதோ ஒன்றால் எரிச்சலுறும்போதெல்லாம் அதன் நிறமி அணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன. எரிச்சல் அடங்கிய பின்னும் நிறம் தங்கிவிடுகிறது. எரிச்சலை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் அழிப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கருமை படிந்த இடமே பெரும்பாலும் சொல்லிவிடும். அக்குளின் நடுக்குழியில், முடி முளைக்கும் இடத்தில், அரிப்பும் சிவப்பும் கருமையும் இருந்தால் நாம் அங்கே நேரடியாகப் பூசும் பொருளை ஐயுற வேண்டும். டியோடரண்டிலுள்ள நறுமணப் பொருட்களே இதில் முதல் குற்றவாளிகள். நடுக்குழி தெளிவாக இருந்து, அதன் விளிம்புகளிலும் முன் பின் மடிப்புகளிலும் கருமை படிந்திருந்தால் உடையை ஐயுற வேண்டும். கருநீலமும் கருப்புமான பாலியஸ்டர் துணிகளில், குறிப்பாக உள்துணிகளில், சாயம் வியர்வையில் கரைந்து ஒவ்வாமை உண்டாக்குவது தோல் மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி. அபாயாவின் கைமடிப்பு உரசும் இடத்தை நினைத்துப் பாருங்கள். புர்காவைக் குறை கூறுவதாக எவரும் இதனைத் திரித்துவிட வேண்டாம். உள்ளே வெள்ளையோ வெளிர் நிறமோ கொண்ட, அக்குளை முழுதும் மறைக்கும் பருத்திச் சட்டை அணிந்தால் தீரும் பிரச்சினை இது. புதிய அபாயாவை முதல் முறை உடுத்தும் முன் இரண்டு மூன்று முறை அலசிவிடுவதும் நல்லது.

தொடைகளின் உட்புறத்தில் உரசலே முதன்மைக் காரணம். நடக்கும்போது தோலும் தோலும் வியர்வையோடு தேய்கின்றன. உடல் எடை கூடினால் தேய்மானமும் கூடும். ஒல்லியானவர்களுக்கும் இறுக்கமான ஜீன்ஸின் தையல் இதே வேலையைச் செய்துவிடும். இதற்கு நிறம் வெளுக்கும் மருந்தைத் தேடும் முன், முழங்கால் வரை வரும் பருத்தி உள்ளாடை அணிவதும், நெடுந்தூரம் நடக்கும் நாளில் பெட்ரோலியம் ஜெல்லியோ துத்தநாக ஆக்சைடு களிம்போ மெல்லியதாகத் தடவிக்கொள்வதுமே பெரிய பயன் தரும். ஒருவகையில் இது சிக்கனமான சிகிச்சையும்கூட.

எரிச்சலில் சேராத மூன்று கருமைகள் உண்டு. அவற்றைத் தவறவிடக் கூடாது. தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் போல இருந்து, கழுத்தின் பின்புறத்திலும் அதே கருமை படர்ந்திருந்தால் அது உடலுக்குள்ளிருந்து வரும் அறிகுறி. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் அது தோன்றும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மையும் முகத்தில் முடி வளர்ச்சியும் உடனிருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையை எண்ண வேண்டும். இத்தகைய கருமைக்குக் களிம்பால் ஆவது சிறிதே. சர்க்கரைப் பரிசோதனையும் எடைக் குறைப்புமே அதன் மருந்து. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போது, பெரியவர்களுக்கு மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிக் கழுத்து கருத்த இருபது வயதுப் பிள்ளையை உள்ளே அனுப்பிவிடாதீர்கள். குடும்பத்தில் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தால் அந்தக் கழுத்து ஒரு முன்னறிவிப்பு.

இரண்டாவது படர்தாமரை. ஓரம் சற்றே உயர்ந்து, சிவந்து, வட்டமாகப் பரவி, நடுப்பகுதி தெளிந்து, விடாமல் அரிக்கும். மூன்றாவது, தொடை இடுக்கிலும் அக்குளிலும் செம்பழுப்பு நிறத்தில், மெல்லிய செதிலோடு, அதிக அரிப்பின்றிப் படரும் ஒரு பாக்டீரியாத் தொற்று. மருத்துவர் இருட்டறையில் உட்ஸ் விளக்கைக் காட்டினால் அது பவளச் சிவப்பாக ஒளிரும். உரிய களிம்பில் சில வாரங்களில் குணமாகிவிடும் தொற்றைப் பல ஆண்டுகளாக ‘என் நிறமே இப்படித்தான்’ என்று சுமந்து திரிபவர்கள் உண்டு.

இனி மழித்தல். அக்குள் முடியையும் மறைவிட முடியையும் நீக்குவது ஃபித்ராவைச் சேர்ந்தது. நாற்பது நாட்களுக்கு மேல் விட்டுவிடக் கூடாது என்று அனஸ் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. நாற்பது என்பது உச்ச வரம்பு. இரண்டு நாளுக்கொரு முறை மழிக்க வேண்டும் என்று மார்க்கம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த வேகம் விளம்பரத்திலிருந்து வந்தது. வாரத்துக்கு ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ நீக்கினால் சுன்னத்தும் நிறைவேறும், தோலும் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். அக்குளில் பிடுங்குவதே சுன்னத் எனத் தெரிந்தும், வலி தாங்க இயலாமல் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் மழித்துக்கொண்ட செய்தியை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே எந்த வழி நம் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதோ அதைத் தேர்ந்துகொள்ள இடம் இருக்கிறது.

மழிக்கும் முறையிலும் சில கவனங்கள் உண்டு. நீண்ட முடியை முதலில் கத்தரிக்கோலால் குறைத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறவைத்து, நுரை தடவி, முடி வளரும் திசையிலேயே கத்தியை இழுக்க வேண்டும். அக்குளில் முடி ஒரே திசையில் வளர்வதில்லை. மேல்பாதி மேல்நோக்கியும் கீழ்ப்பாதி கீழ்நோக்கியும் செல்லும். ஆகவே விரலால் தடவிப் பார்த்து அறிய வேண்டும். ஒரே இடத்தில் இரண்டாம் முறை இழுக்கக் கூடாது. தோலை இழுத்துப் பிடித்து அடியோடு வெட்டினால், சுருண்ட முடியின் கூர்முனை தோலுக்குள்ளேயே வளைந்து புகுந்து சிறு சிறு கட்டிகளாகும். ஒவ்வொரு கட்டியும் ஒரு கரும்புள்ளியை விட்டுச் செல்லும். கூர் மழுங்கிய பிளேடையும், வீட்டில் பலரும் பகிர்ந்துகொள்ளும் பிளேடையும் தூக்கி எறியுங்கள். இரவில் மழித்துவிட்டு மறுநாள் முழுதும் அங்கே டியோடரண்டோ அத்தரோ படாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கத்தி உண்டாக்கிய நுண்கீறல்களில் ஆல்கஹாலும் வாசனையும் இறங்குவதுதான் பாதிக் கருமையின் கதை.

மழித்த மறுநாளே தெரியும் சாம்பல் நிறத்தைப் பற்றி ஒரு சொல். அது பெரும்பாலும் நிறமியே அன்று. தோலுக்கு அடியில் நிற்கும் முடியின் அடித்தண்டு மெல்லிய தோலின் ஊடே தெரிகிறது. விரல்களால் தோலை இருபுறமும் இழுத்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் சிறு புள்ளிகளாகத் தெரிந்துவிடும். எந்த வெளுப்புக் களிம்பும் அதனைப் போக்காது. பிடுங்குவதாலோ லேசர் சிகிச்சையாலோ மட்டுமே அது மறையும். லேசர் செய்பவர்கள் நம் நிறத்துக்குப் பாதுகாப்பான 1064 நானோமீட்டர் கருவியைப் பயன்படுத்துகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வேறு கருவிகளால் கருநிறத் தோல் சுட்டுப் புதிய தழும்பு ஏற்படலாம். மறைவிடத்தைப் பிறர் பார்ப்பது குறித்த மார்க்க வரம்பையும் நம் வாசகர்கள் மறந்துவிட மாட்டார்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு பிள்ளையின் நிலையைப் படிப்படியாக வைத்துப் பார்ப்போம். வயது 23. நான்கு மாதத்தில் நிக்காஹ். இரண்டு நாளுக்கு ஒருமுறை மழிக்கிறாள். மழித்த கையோடு துபையிலிருந்து வந்த வாசனைத் தெளிப்பானை அடித்துக்கொள்கிறாள். எரிகிறது, ஆனாலும் பழகிவிட்டது. கருமையைக் கண்டு பீர்க்கை நாரால் நாள்தோறும் தேய்க்கிறாள். எலுமிச்சையும் சமையல் சோடாவும் கலந்து பூசியும் பார்த்தாயிற்று. நடுக்குழியில் அரிப்பு உண்டு. கழுத்து தெளிவாக இருக்கிறது. தோல் தடிக்கவில்லை. வட்ட ஓரம் ஏதுமில்லை. ஆகவே சர்க்கரையும் படர்தாமரையும் இங்கே ஐயத்துக்கு வெளியே. எஞ்சுவது தெளிப்பான், கத்தி, நார், எலுமிச்சை என்னும் நால்வர்.

முதல் இரண்டு வாரம் இவை அனைத்தையும் நிறுத்துவதே சிகிச்சை. தேய்த்தால் கருமை போகும் என்பது நமது சமூகத்தில் ஆழ வேரூன்றிய பிழை. தேய்ப்பதாலேயே உண்டாகும் கருமை மருத்துவத்தில் தனி நோயாகவே விவரிக்கப்பட்டிருக்கிறது. ஈராக்கில் அதற்கு ‘லீஃபா நோய்’ என்றே பெயரிட்டார்கள். லீஃபா என்பது நாரைக் குறிக்கும் அரபுச் சொல். ஜப்பானில் நைலான் துண்டால் தேய்ப்பவர்களிடம் இதே கருமை கண்டறியப்பட்டது. எலுமிச்சை கடும் அமிலம், சமையல் சோடா காரம். தோலோ இரண்டுக்கும் இடைப்பட்ட மிக மெல்லிய அமிலத்தன்மையில்தான் நலமாக இருக்கும். கையால் சோப்பு நுரையைத் தடவிக் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பைத் தடவினால் போதும். இரண்டு வாரத்தில் அரிப்பு அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மருத்துவர் மென்மையான ஸ்டீராய்டு ஒன்றைக் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் எழுதித் தரக்கூடும். அந்த நாள் கணக்கே மருந்தின் பாதி. தாண்டக் கூடாது.

தெளிப்பானே குற்றவாளியா என்று உறுதி செய்ய எளிய சோதனை உண்டு. முழங்கையின் உட்புற மடிப்பருகே ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் நாள்தோறும் இருமுறை ஒரு வாரம் அதனைப் பூசிவர வேண்டும். அங்கே சிவந்து அரித்தால் விடை கிடைத்துவிட்டது. வியர்வை நாற்றத்துக்கு வேறு வழி வேண்டுமே என்பீர்கள். நாற்றம் வியர்வையால் வருவதில்லை, வியர்வையைத் தின்னும் பாக்டீரியாவால் வருகிறது. முடியை நீக்கிச் சோப்பிட்டுக் கழுவுவதும், நாள்தோறும் துவைத்த பருத்தி உள்ளாடையும், வேண்டுமானால் வாசனையற்ற வியர்வைத் தடுப்பானும் போதும். அத்தரை உடையின் மேல் பூசிக்கொள்ளலாம்.

மூன்றாவது வாரம், அரிப்பு அடங்கிய பிறகே, நியாசினமைடு 4 முதல் 5 விழுக்காடு உள்ள களிம்பை இரவு ஒருமுறை பூசத் தொடங்கலாம். நிறமி மேலடுக்குக்கு ஏறிச் செல்வதை அது மட்டுப்படுத்தும். எரிச்சல் தருவது குறைவு. ஆறாவது வாரம் முதல், தோல் தாங்கினால், அஸலாயிக் அமிலம் 10 விழுக்காட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்க்கலாம். பூசிய முதல் சில நிமிடங்களில் சிறு குறுகுறுப்பு இருக்கும். அது எரிச்சலாக நீடித்தால் நிறுத்திவிட வேண்டும். நாம் குணப்படுத்த முயலும் கருமை எரிச்சலால் பிறந்தது என்பதை மறக்கலாகாது. மழித்த அன்றும் மறுநாளும் இவை இரண்டையும் பூச வேண்டாம். கருவுற்றிருக்கும் பெண்களும் பொதுவாக இவ்விரண்டையும் பயன்படுத்தலாம். ஆனால் ரெட்டினாய்டு வகைகளையும் ஹைட்ரோகுவினோனையும் அவர்கள் தவிர்க்க வேண்டும்.

நான்கு மாதத்தில் எவ்வளவு மாறும்? இதை மிகைப்படுத்திச் சொல்வோர் அதிகம் என்பதால் ஓர் ஆய்வை இங்கே வைக்கிறோம். 2013இல் மெக்சிகோ மருத்துவர்கள் அக்குள் கருமையுள்ள 24 பெண்களிடம் ஒன்பது வாரம் சோதித்தார்கள். நியாசினமைடு 4 விழுக்காடு பூசிய அக்குள்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றே நல்ல, அல்லது மிக நல்ல பலன் கண்டது. மென்மையான ஸ்டீராய்டு பூசியவற்றில் அது 30 விழுக்காடு. வெறும் களிம்பில் 6. அதாவது சிறந்த மருந்தும் ஒன்பது வாரத்தில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பெரிய மாற்றத்தைத் தரவில்லை. ஆகவே அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: அரிப்பும் கட்டிகளும் நின்றுவிடும், தோல் மென்மையாகும், நிறம் ஓரிரு படி இறங்கக்கூடும், முழுவதும் மறையாது. நிறமி ஆழமான அடுக்கில் இறங்கியிருந்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இந்தப் பொறுமையின்மையைத்தான் மருந்துக்கடையின் மூன்று கலவைக் களிம்பு விலைக்கு வாங்குகிறது. ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாய்ன், மொமெட்டசோன் ஆகிய மூன்றும் சேர்ந்த களிம்பு, முகத்தில் வரும் மங்குவுக்கு மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்களுக்கு எனத் தரப்படுவது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் அதனைப் பூசினால் பத்து நாளில் வெளுக்கும், உண்மைதான். அடுத்து தோல் மெலியும், சிவக்கும், நிறுத்தியதும் முன்னிலும் கருக்கும். சிவந்த கோடுகள் தோன்றிப் பின்னர் வெள்ளைத் தழும்பாக நிலைத்துவிடும். இந்தத் தழும்பு திரும்பாது. படர்தாமரை மீது பூசினாலோ அரிப்பு மட்டும் அடங்கி, பூஞ்சை மறைவாகத் தொடை முழுதும் பரவும். இளைஞர்கள் பலர் இவ்வாறு ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இன்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் அப்படி இருக்க, ‘அரிப்புக்கு ஒன்று கொடுங்கள்’ என்ற ஒரு வாக்கியம் போதும் என்னும் நிலை நம் கடைத்தெருக்களில் தொடர்கிறது. கடைக்காரரை மட்டும் சாடிப் பயனில்லை. சீட்டுக் கேட்கும் கடையை விட்டு, கேட்காத கடைக்குப் போகிறவர்கள் நாம்தாம். டியூபின் பின்புறத்தில் கிளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று ‘சோல்’, ‘சோன்’, ‘லோன்’ ஒலிகளில் முடியும் பெயர் கண்டால் மருத்துவரிடம் கேட்காமல் மடிப்புகளில் பூசாதீர்கள். பூஞ்சை மருந்துகள் சிலவும் ‘சோல்’ என முடியும் என்பதால் கேட்டுத் தெளிவதே வழி.

பாதரசக் களிம்பைக் கண்டறிவது இதைவிடக் கடினம், ஏனெனில் அதன் மேல் உண்மை எழுதப்படுவதில்லை. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. 2023இல் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா உடன்பாட்டு நாடுகள், பாதரசம் சேர்த்த எல்லா அழகுப்பொருட்களையும் 2025ஆம் ஆண்டோடு நிறுத்த முடிவெடுத்தன. ஆயினும் பெட்டியில் மடித்து வரும் குப்பிக்கு எந்த விதியும் குறுக்கே நிற்பதில்லை. தயாரிப்பாளர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாமை ஓர் அடையாளம். இன்னொன்று நம் பெண்களுக்கு உடனே விளங்கும்: ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்’ என்ற எச்சரிக்கை. பாதரசம் தங்கத்தோடு கலந்து அதனை வெளுக்கச் செய்யும் என்பதால்தான் அந்த வரி. நகைக்கு ஆகாததைக் குழந்தைக்குப் பாலூட்டும் தாய் மார்பருகே பூசிக்கொள்வதை என்னவென்று சொல்வது!

பெண் பார்க்கும் பேச்சில் நிறத்தை எடை போடும் நம் வழக்கத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. முகத்தைக் கடந்து, எவரும் காணாத இடத்தின் நிறமும் ஒரு பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு அது சென்றிருக்கிறது. மணமகளுக்குச் சீர்ப்பெட்டியில் வெளுப்புக் களிம்பு வைக்கும் மாமிமார்களுக்கும் சாச்சிமார்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள், அதற்குப் பதிலாக இரண்டு நல்ல பருத்தி உள்சட்டை வையுங்கள் என்பதே.

ஏற்கெனவே பெயரில்லாக் களிம்பைச் சில மாதங்கள் பூசியவர்கள் பதற வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். பூசுவதை நிறுத்துங்கள். காலையில் கண் இமைகள் வீங்குகின்றனவா, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, சிறுநீர் சோப்பு நுரை போல நின்று நுரைக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும், இல்லாவிட்டாலுங்கூட, சிறுநீரில் புரதம் உள்ளதா என்று ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. அது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடிய எளிய பரிசோதனை. ஸ்டீராய்டு நெடுநாள் பூசியவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே படிப்படியாகக் குறைக்க வேண்டும். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, வேறு தோல் மருத்துவரிடமோ செல்லும்போது, பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்கத் தயங்காதீர்கள். செல்லும் நாளில் மழிக்காமல், எதையும் பூசாமல் செல்லுங்கள். இதுவரை பூசிய டியூப், குப்பி, தெளிப்பான் அனைத்தையும், பெயர் அழிந்தவற்றையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துச் சென்று மேசை மீது வையுங்கள்.